தாழமுக்கம் எந்தப் பக்கம்? லிந்துலையில் இருந்து வானிலைப் படத்தைப் படித்தல்

மழைக்காலம் தொடங்கினால் கைப்பேசிகளில் வானிலைப் படங்கள் சுற்றத் தொடங்கிவிடும். வளைவளைவான கோடுகள், நடுவில் L என்றும் H என்றும் எழுத்துகள், கோடுகளின் மேல் 1006, 1008, 1010 என்று எண்கள். பார்ப்பவர் முதலில் தேடுவது L-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான். எண் சிறியதாக இருந்தால் பயப்படுகிறார், அவ்வளவு சிறியதாக இல்லாவிட்டால் நிம்மதியடைகிறார். லிந்துலையில் இருப்பவர் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. தாழமுக்கம் நமக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறது, அதனால் காற்று எந்தத் திசையிலிருந்து வந்து நம் மலையில் மோதுகிறது, அது எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கும் என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். மையத்தின் எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும்.

அதற்கு முன், கையில் இருப்பது எந்தப் படம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். படத்தின் ஓரத்தில் தேதியும் நேரமும் இருக்கும். நேரம் பெரும்பாலும் UTC என்ற உலக நேரத்தில் இருக்கும். அதனுடன் ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் இலங்கை நேரம். 0000 UTC என்றால் நமக்குக் காலை 5.30, 0300 UTC என்றால் 8.30, 1200 UTC என்றால் மாலை 5.30. தேதி வெட்டப்பட்டு வரும் படத்தை நம்பவே வேண்டாம், அது போன வருடத்துப் புயலாகவும் இருக்கலாம். VT என்றோ T+24 என்றோ இருந்தால் அது நடந்ததைக் காட்டும் படமல்ல, வரப்போவதைக் கணித்த படம். கோடுகளின் எண்களையும் பாருங்கள். 990-க்கும் 1030-க்கும் இடையில் இருந்தால் அது கடல்மட்ட அமுக்கத்தைக் காட்டும் சமவமுக்கக் கோட்டுப் படம். 1500, 5880 போன்ற எண்கள் இருந்தால் அது மேல்வளிப் படம், அந்த எண்கள் உயரத்தை மீற்றரில் சொல்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பிறகு படிப்பதெல்லாம் பிழையாகிவிடும்.

சமவமுக்கக் கோடு என்பது ஒரே அமுக்கம் உள்ள இடங்களை இணைத்து வரைந்த கோடு. அளவுகள் எல்லாம் கடல்மட்டத்துக்கு மாற்றி எழுதப்பட்டவை. லிந்துலையின் உயரத்தில் ஓர் அமுக்கமானியை வைத்தால் அது 860 hPa அளவில்தான் காட்டும், படத்தில் அதே இடத்துக்கு மேலாக 1010 என்ற கோடு போகும். மானியிலும் பிழை இல்லை, படத்திலும் பிழை இல்லை. இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். நம் அகலக்கோட்டில் அமுக்கம் ஒவ்வொரு நாளும் தானாகவே இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் இறக்கம், இரவிலும் அதுபோல ஒரு சுற்று. இடைவெளி ஏறத்தாழ 3 hPa. சாதாரண நாட்களில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடக் குறைவு. ஆகவே காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் பக்கத்தில் வைத்து ‘அமுக்கம் விழுந்துவிட்டது, புயல் வருகிறது’ என்று சொல்லக் கூடாது. காலை 5.30 படத்தை மறுநாள் காலை 5.30 படத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இனித் திசைக்கு வருவோம். காற்று உயரமுக்கத்திலிருந்து தாழமுக்கத்துக்கு நேராக ஓடுவதில்லை. பூமி சுழல்வதால் அது திரும்புகிறது. நம் வட அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகக் காற்று சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழமுக்கம் இடது கைப்பக்கம் இருக்கும் என்ற விதியை ஒல்லாந்து அறிஞர் பைஸ் பல்லட் 1857இல் வெளியிட்டார். படத்தில் இதைச் செய்து பார்ப்பது எளிது. வடக்கு மேலே இருக்கும்படி படத்தைப் பிடித்து, L மேல் ஒரு விரலை வைத்து, அதைச் சுற்றிக் கடிகாரத்துக்கு எதிராக ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் இலங்கையின் நடுமலையைக் கடக்கும் இடத்தில் எந்தப் பக்கம் நகர்கிறதோ, ஏறத்தாழ அந்தப் பக்கம் காற்று போகும். அந்தத் திசையைக் கொஞ்சம் L பக்கமாக உள்ளே வளைத்துக்கொள்ளுங்கள். கடலின் மேல் பத்து, இருபது பாகை வளைத்தால் போதும் என்று ஐரோப்பியப் பாடநூல்கள் சொல்லும். நாம் ஏழாவது பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறோம். இங்கே பூமிச் சுழற்சியின் விளைவு இலண்டனில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். அதனால் காற்று இன்னும் அதிகமாகவே உள்நோக்கி வளையும். மையத்துக்கு அருகில் விதி நன்றாகப் பொருந்தும். மையம் இல்லாத நாட்களில் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

இதிலிருந்தே ஓர் ஆட்சேபம் எழும். ‘இலங்கையின் மேல் கோடுகளே இல்லையே, இருக்கும் ஒன்றிரண்டும் தள்ளித் தள்ளி இருக்கிறதே, இதில் படிக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்பார்கள். கோடுகள் நெருங்கினால் பலத்த காற்று, விலகினால் மென்காற்று என்ற விதியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்த விதி ஒரே அகலக்கோட்டுக்குள் ஒப்பிடும்போதுதான் செல்லும். சுழற்சியின் விளைவு குறைவாக இருக்கும் இடத்தில் மிகச் சிறிய அமுக்க வேறுபாடே பெருங்காற்றைத் தள்ளிவிடும். ஐம்பதாவது பாகையில் நெருக்கமான கோடுகள் தேவைப்படும் காற்று, நம்மிடம் அகன்ற கோடுகளுடனேயே வீசும். அதோடு எல்லாப் படங்களிலும் கோட்டு இடைவெளி ஒன்றல்ல. இந்தியப் படங்களில் 2 hPa-க்கு ஒரு கோடு, பிரித்தானியப் படத்தில் 4 hPa-க்கு ஒன்று. ஆகவே ஒரு படத்தில் வெறுமையாகத் தெரியும் இடம் இன்னொன்றில் கோடுகளோடு தெரியும். எனவே இலங்கையின் மேல் கோடு தேடாமல், கண்ணைச் சற்று விரித்து வங்காள விரிகுடாவையும் அரபிக்கடலையும் பாருங்கள். நமக்கு வேண்டிய செய்தி அங்கேதான் இருக்கிறது.

முகப்புகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீல முக்கோணங்கள் கோத்த கோடு குளிர் முகப்பு, சிவப்பு அரைவட்டங்கள் கோத்த கோடு வெப்ப முகப்பு. குளிர்ந்த வளியும் சூடான வளியும் முட்டும் எல்லைகள் அவை, நடு அகலக்கோட்டு நாடுகளுக்கு உரியவை. லிந்துலைக்கு எந்த முகப்பும் வருவதில்லை. யப்பானுக்கு அருகே முகப்பு இருக்கிறது, ஆகவே இங்கே மழை என்று சொல்பவருக்குப் படம் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு பயன் உண்டு. மார்கழி, தை மாதங்களில் சைபீரியாவின் மேல் நிற்கும் பெரிய H வலுத்து, அதன் குளிர் முகப்பு தென்சீனக் கடல் வரை இறங்கினால், சில நாட்களில் வடகீழ்க் காற்றும் வலுக்கக்கூடும். அது எட்ட நின்று காட்டும் அறிகுறி மட்டுமே.

காற்றின் திசை தெரிந்தபின் செய்ய வேண்டிய வேலையைப் படம் செய்து தராது. மலையை நாம்தான் படத்தின் மேல் வைக்க வேண்டும். ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மறுபக்கம் இறங்கும்போது காய்ந்துவிடுகிறது. இதற்கு நம் கண்முன்னே இருக்கும் சாட்சி மழைக் கணக்குத்தான். தென்மேல் காற்றை முதலில் வாங்கும் வட்டவளைப் பக்கத்தில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அங்கிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீற்றருக்குள் இருக்கும் நுவரெலியாவில் அது ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர். இரண்டுக்கும் நடுவில் லிந்துலை. எந்தச் சமவமுக்கக் கோட்டுப் படத்திலும் இந்த முப்பது கிலோமீற்றர் ஒரு புள்ளியளவுகூட வராது.

இரண்டாவது சாட்சி தேயிலை. திம்புள்ளப் பிரதேசத்துத் தேயிலை, அதில் லிந்துலையும் சேரும், சிறந்த சுவையோடு வரும் பருவம் தை முதல் பங்குனி வரை. ஊவாத் தேயிலைக்கு அந்தப் பருவம் ஆடி முதல் புரட்டாதி வரை. காரணம் ஒன்றே. வடகீழ்க் காற்று வீசும்போது மலைக்கு மேற்கே நம் பக்கம் இறங்கும் காற்று உலர்ந்திருக்கிறது. தென்மேல் காற்று வீசும்போது நம் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் உலர்ந்த கச்சானாக இறங்குகிறது. பிதுருதலாகலையும் அதைத் தொடர்ந்து செல்லும் உயர்ந்த மலைத்தொடரும் லிந்துலைக்குக் கிழக்கே நிற்கின்றன. ஆகவே பொதுவிதி இது: காற்று தென்மேற்கு, மேற்கு, வடமேற்குத் திசைகளிலிருந்து வந்தால் நாம் மோதும் பக்கம். வடகிழக்கு, கிழக்கிலிருந்து வந்தால் நாம் மறைவான பக்கம். நேர் வடக்குக் காற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தலவாக்கலையிலிருந்து கொத்மலை நோக்கி இறங்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கு வடக்கே திறந்திருப்பதால், கிழக்கு மலை அந்தக் காற்றை முழுதாகத் தடுக்காது.

இப்போது திசைக்கு முதலிடம், எண்ணுக்குக் கடைசி இடம் என்ற கருத்தை இரண்டு உண்மைச் சம்பவங்களில் வைத்துப் பார்ப்போம். 2017 மே 25, 26ஆம் தேதிகளில் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறை, காலி மாவட்டங்களில் பெருமழை பெய்து, வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அந்த நேரம் இலங்கையின் மேல் புயல் எதுவும் இல்லை. பின்னால் மோரா என்று பெயர் பெற்ற தாழமுக்கம் வங்காள விரிகுடாவில் அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருந்தது. அது வடக்கே போய் மே 30 அன்று பங்களாதேசில் கரையேறியது. படத்தில் L-க்கு மட்டும் பயப்படுகிறவர் ‘நமக்கு எட்டாத தூரம்’ என்று அதை ஒதுக்கியிருப்பார். விரலை வைத்து வட்டம் போட்டவருக்கோ, வடகிழக்கே ஒரு L உருவாகும்போது இலங்கையின் மேல் வட்டம் வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கிப் போவதும், உள்வளைவையும் சேர்த்தால் காற்று மேற்கிலிருந்து வருவதும் தெரியும். தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கும் காலமும் அதுதான். ஏற்கெனவே வீசும் காற்றை அந்தத் தாழமுக்கம் மேலும் இழுத்தது, தென்மேற்குச் சரிவுகள் அடி வாங்கின.

அடுத்தது 2025 நவம்பரின் டித்வா. யெமன் வைத்த பெயர் அது. இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் அது மணிக்கு 62 முதல் 88 கிலோமீற்றர் வரையான காற்றுள்ள, பெயர் பெறும் புயல்களில் மிகத் தாழ்ந்த வகுப்புக்கு மேல் போகவில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் சிறிய புயல். ஆனால் இலங்கையில் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. காரணத்தைப் படத்திலேயே காணலாம். நவம்பர் 26 அளவில் L தீவின் தென்கிழக்கே நின்றது. வட்டம் போட்டால் நடுமலைக்கு வடகிழக்குக் காற்று, உள்வளைவையும் சேர்த்தால் ஏறத்தாழ வடக்கிலிருந்து வரும் காற்று. மோதும் பக்கம் பதுளையும் வலப்பனையும். லிந்துலை ஓரளவு மறைவில். 28ஆம் தேதி மையம் தீவின் கிழக்குப் பக்கம் நின்றபோது கணக்கு வடக்குக் காற்றையும், உள்வளைவால் வடமேற்குக் காற்றையும் தருகிறது. இப்போது கண்டியும் மாத்தளையும் கொத்மலைப் பள்ளத்தாக்கும் மோதும் பக்கமாகிவிட்டன. அதன்பின் மையம் வடக்கே நகர்ந்து திருகோணமலையைத் தாண்டிப் போகப் போக, காற்று மேற்காகவும் தென்மேற்காகவும் திரும்புகிறது. அதாவது புயல் நம்மை விட்டு விலகிப் போகும்போதுதான் லிந்துலையின் சொந்த முகம் காற்றுக்கு நேராக வருகிறது. ‘மையம் போய்விட்டது, இனிப் பயமில்லை’ என்ற எண்ணம் இந்த இடத்தில் ஆபத்தானது. மூன்று நாள் மழையில் ஊறிய மண்ணின் மேல்தான் அந்தக் கடைசி மழை விழுகிறது.

டித்வாவில் எண்ணைவிடப் பெரிதாக நின்ற இன்னொரு அளவு, அதன் நகர்வு. ஒரு நாள் இடைவெளியுள்ள இரண்டு படங்களில் L-இன் இடத்தைக் குறித்து, அகலக்கோட்டுப் பாகை ஒன்றுக்கு 111 கிலோமீற்றர் என்று கணக்குப் போடுங்கள். நவம்பர் 26க்கும் 30க்கும் இடையில் டித்வா வடக்கே ஏறியது ஏறத்தாழ ஆறு பாகை. அதாவது நான்கு நாளில் 660 கிலோமீற்றர் அளவு, மணிக்கு ஏழு கிலோமீற்றர். மனிதன் ஓடும் வேகத்தைவிடக் குறைவு. வேகமான புயல் ஒரு சரிவை நனைத்துவிட்டுப் போய்விடும். இப்படி ஊர்ந்து போவது ஒவ்வொரு சரிவையும் மாறி மாறி நனைக்கும். காற்று வீட்டுக் கூரையைத் தூக்குமா என்று அறிய மையத்தின் எண் உதவும். மலை சரியுமா என்று அறிய நகர்வின் வேகமே உதவும். மலையகத்தில் உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

‘வளிமண்டலவியல் திணைக்களம்தான் எச்சரிக்கை தருகிறதே, நாம் ஏன் படம் பார்க்க வேண்டும்?’ என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. எச்சரிக்கை பெரும்பாலும் மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் வருகிறது. நுவரெலியா மாவட்டம் என்று ஒரே பெயரில் சொன்னாலும், வலப்பனையும் ஹங்குராங்கெத்தையும் மலையின் ஒரு பக்கம், கினிகத்தேனையும் நோர்வூட்டும் மறுபக்கம். ஒரே எச்சரிக்கை இரண்டுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. திணைக்களத்தின் அறிவிப்பை மாற்றிச் சொல்வதற்கல்ல, அந்த அறிவிப்பு நம் தோட்டத்துக்கு எந்த நாளில், எந்தப் பக்கத்தால் வரும் என்று அறிவதற்கே படம். கான் துப்புரவாக்கும் வேலையை எந்த மலையில் முதலில் செய்வது, எந்த லயத்தின் பின்பக்கச் சரிவை இரவில் கவனிப்பது என்பதெல்லாம் திசை தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும்.

வசதி இருந்தால் இன்னொரு படத்தையும் பார்க்கலாம். 850 hPa என்று எழுதிய மேல்வளிக் காற்றுப் படம் ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்துக் காற்றைக் காட்டும். அது கிட்டத்தட்ட நம் தேயிலை மலைகளின் உயரம். கடற்கரையில் இருப்பவருக்குக் கடல்மட்டப் படம் எப்படியோ, லிந்துலைக்கு இது அப்படி. இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் நம்பிக்கை கூடும். வேறுபட்டால் மழை விடயத்தில் மேல்படத்தை நம்புங்கள்.

படத்தால் முடியாத ஒன்றையும் மறைக்கக் கூடாது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் காலை வெயிலாக இருந்து பிற்பகலில் இடியோடு கொட்டும் மழையைச் சமவமுக்கக் கோடுகள் காட்டாது. தரை சூடாகி வளி மேலெழுந்து உண்டாகும் மழை அது. படத்தில் L இல்லை என்பதால் அந்த நாட்களில் மழை இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது செய்மதிப் படமும் பிற்பகல் வானமும்தான் வழி.

படித்தது சரியா என்று பார்க்க ஒரே உரைகல் மழைமானி. தோட்ட அலுவலகத்தில் காலையில் எடுக்கும் அளவைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நேரான பக்கமுள்ள டின் ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30க்கு அளவுகோலால் நீரின் உயரத்தைப் பார்த்தாலே மில்லிமீற்றர் கிடைத்துவிடும். அதே காலைப் படத்தில் L எந்தப் பக்கம் நின்றது என்பதையும் அதன் பக்கத்தில் குறித்து வாருங்கள். ஒரு பருவம் முடியும்போது உங்கள் தோட்டம் எந்தத் திசைக் காற்றுக்கு அதிகம் நனைகிறது என்பது அந்தக் கொப்பியிலேயே தெரியும். ஆனால் அந்த எண் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் சரிவுக்குக் கீழே இருப்பவர்கள் விழித்திருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் எல்லைகள் இவை. நிலத்தில் புதிய வெடிப்போ, ஊற்று நீர் திடீரெனக் கலங்கலாக வருவதோ தெரிந்தால் இந்த எண்களுக்கும் காத்திருக்க வேண்டாம். கைப்பேசியை மூடிவிட்டு, பிள்ளைகளையும் முதியவர்களையும் முதலில் வெளியே கொண்டுபோங்கள்.